நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு மாதம்

யாராவது "ஆறு மாசம் ஆச்சு" என்று சொன்னால், எந்த ஆறு மாதம் என்று கேட்கத் தோன்றுகிறது. போன வருடம் ஒரு மருத்துவரிடம் கேட்டே விட்டேன். மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். இன்றிலிருந்தா, ஒன்றாம் தேதியிலிருந்தா, நடுவில் பிப்ரவரி வருகிறதே என்றேன். அவர் என் மகனைப் பார்த்தார். மகன் வாசலைப் பார்த்தான்.

மே முதல் தேதி தொடங்கி அக்டோபர் கடைசி வரை ஆறு மாதம். அதற்கு நூற்றெண்பத்து நான்கு நாள். நவம்பர் முதல் தேதி தொடங்கி ஏப்ரல் கடைசி வரையும் ஆறு மாதம்தான். அதற்கு நூற்றெண்பத்தொரு நாள். வித்தியாசம் மூன்று நாள். இந்த வித்தியாசத்தால் ஒரு மனிதனுக்குச் சேர வேண்டியதை நான் கொடுக்காமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, இனிச் சொல்லவும் முடியாது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். துறைமுகத்தை ஒட்டி ராயபுரம் பக்கம் இருந்த ஒரு சிறிய அலுவலகத்தில் குமாஸ்தா. லாஞ்சு என்கிற எஞ்சின் படகு, இழுவைப் படகு முதலியவற்றை ஓட்டுகிற சாரங்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகம் அது. சாரங்கு என்றால் படகின் தலைவன். அவனுக்குக் கீழே தண்டல், தண்டலுக்குக் கீழே சாதாரணப் படகாட்களான கலாசிகள். தண்டல் ஒருவன் சாரங்கு தேர்வுக்கு உட்கார வேண்டுமானால் முப்பத்தாறு மாதம் படகில் பணி செய்திருக்க வேண்டும். அவன் ஒவ்வொரு படகிலும் ஏறிய தேதி, இறங்கிய தேதி இரண்டையும் எழுதி, அந்தப் படகின் சாரங்கு கையெழுத்துப் போட்ட சீட்டுகளை மனுவோடு கொண்டுவந்து கொடுப்பான். அவற்றைக் கூட்டி முப்பத்தாறு வருகிறதா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. தேர்வு வருடத்துக்கு ஒரு முறை.

எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முப்பதால் வகுத்துக்கொண்டிருந்தார். எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம் அல்லவா? ஆனால் வருடத்துக்கு ஐந்தேகால் நாள் மிஞ்சும். ஆறு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவனுக்கு ஒரு மாதமே அதிகமாக வந்துவிடும். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே இதைக் கண்டுபிடித்தேன். ஆறு வருடச் சீட்டு ஒன்றை எடுத்து, இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாளை முப்பதால் வகுத்துக் காட்டினேன். எழுபத்து மூன்று மாதம் வந்தது. ஆறு வருடத்துக்கு எழுபத்திரண்டு மாதம்தானே?

"அட, ஆமாய்யா!" என்றார் தலைமைக் குமாஸ்தா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பல்குச்சியைக் காதில் செருகியபடியே வேலை பார்ப்பார். "அப்ப எதால வகுக்கணும்ங்கிறே?"

"முப்பது புள்ளி நாலு நாலு."

முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாளைப் பன்னிரண்டால் வகுத்தால் முப்பது புள்ளி நாலு மூன்று ஏழு ஐந்து. இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் முப்பது புள்ளி நாலு நாலு. அதே ஆறு வருடச் சீட்டை அதனால் வகுத்தேன். எழுபத்திரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று. தலைமைக் குமாஸ்தா காதுப் பல்குச்சியைக் கையில் எடுத்தார். அது அவர் பாராட்டுகிற விதம்.

அன்று மாலையே ஒரு அட்டை தயார் செய்தேன். ஒரு பக்கம் வருடத்தின் ஒவ்வொரு தேதிக்கும் வரிசை எண்: ஜனவரி ஒன்றுக்கு ஒன்று, ஏப்ரல் முப்பதுக்கு நூற்றிருபது, நவம்பர் ஒன்றுக்கு முந்நூற்றைந்து. கழித்தால் நாள் கிடைத்துவிடும். மறுபக்கம் முப்பது புள்ளி நாலு நாலின் வாய்ப்பாடு, ஒன்றிலிருந்து நூறு வரை. பின்னம் வந்தால் வெட்டிவிடுவேன். ஒரே ஒரு சலுகை வைத்திருந்தேன். ஒரு சாதாரண வருடத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளை வகுத்தால் பதினொன்று புள்ளி ஒன்பது ஒன்பது வருகிறது. அதைப் பதினொன்று என்று வெட்டுவது அநியாயம். அதனால் புள்ளிக்குப் பின்னால் தொண்ணூற்றைந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு மாதமாக எடுத்துக்கொள்வேன். இந்தச் சலுகையைப் பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பு ஒரு மனுவுக்கு அரை மணி நேரம் ஆகும். அட்டை வந்தபின் நாலு நிமிடம். அந்த வருடம் அறுபத்து மூன்று மனுக்கள். இரண்டு நாளில் முடித்துப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டினேன். தகுதியானவர்கள் ஐம்பத்து நான்கு, தகுதியில்லாதவர்கள் ஒன்பது. அது ஜூன் மாதம், திங்கட்கிழமை. மனு கொடுப்பதற்கான கெடு மே முப்பத்தொன்றோடு முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கறுத்து, தோள் அகன்று, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. சட்டையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். தேவாலயத்துக்குப் போகிற சட்டை என்று பார்த்தாலே தெரிந்தது. எல்லோரையும் போல நானும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நீ என்றுதான் சொன்னேன். என்னைவிடப் பதினாறு வயதாவது மூத்தவர் அவர்.

"சார், பலவைல எம் பேரு தப்பான பக்கம் கீது."

"சரியான பக்கந்தான். சர்வீஸ் போதாது."

"இன்னா சார், முப்பத்தாறு கீதே."

அவருடைய மனுவை எடுத்தேன். ஆறு சீட்டு. ஆறும் ஒரே மாதிரி. கார்த்திகைப் புயல் தொடங்குவதற்கு முன் கூடுதலாக ஆள் எடுத்து, நிலக்கடலைப் பருப்பு ஏற்றுமதி முடிகிற வரை வைத்துக்கொள்கிற ஒரு படகுக் கம்பெனி. நவம்பர் முதல் தேதி ஏறி ஏப்ரல் முப்பது இறங்கியிருக்கிறார். நாற்பத்தாறாம் வருட நவம்பரில் தொடங்கி ஐம்பத்திரண்டு ஏப்ரல் வரை ஆறு பருவம். மற்ற மாதங்களில் சொந்தக் கட்டுமரம்.

"ஆயிரத்து எண்பத்தெட்டு நாள்" என்றேன். "முப்பது புள்ளி நாலு நாலால வகுத்தா முப்பத்தஞ்சு புள்ளி ஏழு நாலு. முப்பத்தாறு வரல. சலுகை குடுத்தும் ஏழு நாள் குறையுது."

அவர் வலது கையை ஜன்னல் பலகையின் மேல் வைத்தார். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக் கணுவைத் தொட்டார். கடல்காரர்கள் மாதத்தை அப்படித்தான் எண்ணுவார்கள், நாலு விரலில் பன்னிரண்டு கணு.

"நவம்பரு, டிசம்பரு, ஜனவரி" என்று சுண்டுவிரல் முடிந்தது. "பிப்ரவரி, மார்ச்சி, ஏப்ரலு" என்று மோதிர விரல் முடிந்தது. "ஆறு. ஆறு தபா ஏறிகிறேன். ஆறாறு முப்பத்தாறு. இத்துல புள்ளி எங்கேந்து சார் வந்துச்சி?"

பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். "விடு மாமு, படிச்சவங்க கணக்கு. புள்ளி வெச்சா கோலம், நமக்கு அலங்கோலம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதுகூட அப்போது என் கண்ணில் படவில்லை. "விரல் விட்டு எண்ணறதுக்கு ஆபீஸ் எதுக்கு? மாசம் எல்லாம் ஒரே அளவா? பிப்ரவரிக்கு எத்தனை நாள், சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

"அத்த நானா சார் கம்மி பண்ணேன்?"

சீட்டுகளை மடித்து மனுவுக்குள் வைத்தேன். அடுத்த வருடம் வா என்றேன்.

அவர் உடனே போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, தேர்வு முடிந்ததும் ஆகஸ்டில் ஒரு புது லாஞ்சு தண்ணீரில் இறங்கப்போகிறது என்றார். அதன் சொந்தக்காரர் தெற்கத்தி வியாபாரி. சான்றிதழோடு வந்தால் சாரங்கு வேலை உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம். "வருசம் முச்சூடும் வேலை சார். கட்டுமரத்த எந் தம்பிகிட்ட குட்த்துட்லாம்னு கீறேன். ஏழு நாள்தானே? இன்னிக்கே ஏதாச்சும் படகுல ஏறி, ஏழாம் நாளு எறங்கி சீட்டோட வந்து நிக்கிறேன்."

"மே முப்பத்தொண்ணோட கணக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே ஏறினாலும் சேராது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், வேறு ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கண் பார்வைச் சோதனை பற்றிய பக்கம். அதற்கு முந்தின பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் நாலு வரி இருந்தது. பணிக்காலத்தை நாட்காட்டி மாதமாகக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் முதலில் முழு மாதங்களை எண்ண வேண்டும். ஏறிய நாளும் இறங்கிய நாளும் சேரும். எல்லாச் சீட்டிலும் மிஞ்சுகிற உதிரி நாட்களை மட்டும் ஒன்றாகக் கூட்டி, முப்பது நாளுக்கு ஒரு மாதம் என்று சேர்க்க வேண்டும்.

நாலாவது வரியை முடித்ததும் அவருடைய மனுவைத் தேடி எடுத்தேன். நவம்பர் ஒன்று முதல் ஏப்ரல் முப்பது வரை முழு மாதம் ஆறு. உதிரி நாள் இல்லை. ஆறு சீட்டு. ஆறாறு முப்பத்தாறு. அவர் கட்டைவிரலால் கணுவைத் தொட்டுத் தொட்டுப் போட்டது விதிப் புத்தகத்தில் இருக்கிற அதே கணக்கு.

என் அட்டை எங்கே தவறியது என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முப்பது புள்ளி நாலு நாலு பொய்யான எண் அல்ல. அது சராசரி. நீண்ட மாதமும் குட்டை மாதமும் கலந்து வந்தால்தான் சராசரி பலிக்கும். வருடம் முழுக்க வேலை பார்த்தவனுக்கு ஜூலை ஆகஸ்டின் மிச்சம் பிப்ரவரியின் குறையை நிரப்பிவிடும். அதனால்தான் ஆறு வருடச் சீட்டில் பிழை கண்ணில் படவே இல்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்றால் பிழை இரண்டு மூன்று நாளுக்குள் அடங்கும், ஆனால் அந்த இரண்டு நாளில் மாதமே கவிழ்ந்துவிடும். பிப்ரவரி மட்டும் வேலை பார்த்தவனுக்கு என் அட்டை ஒரு மாதம்கூடக் கொடுக்காது: புள்ளி ஒன்பது ஒன்று. இவருக்கு வந்ததோ இன்னும் மோசம். துண்டு துண்டான பணி, ஒவ்வொரு துண்டிலும் பிப்ரவரி. ஒரு பருவத்துக்கு ஐந்து புள்ளி ஒன்பது நாலு. குறை ஒன்றரை நாளுக்கும் கொஞ்சம் மேல்தான். அந்தக் குறை ஒவ்வொரு வருடமும் அதே பக்கம் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு லீப் வருடம் நடுவில் வந்தும்கூட முப்பத்தைந்து புள்ளி ஏழு நாலுக்கு மேல் எழ முடியவில்லை.

எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்கள் இருப்பார்களே என்று தோன்றியது. துறைமுகத்தைத் தூர் வாருகிற மண்வாரிக் கப்பலில் மே முதல் அக்டோபர் வரை வேலை பார்ப்பவர்களின் மனுக்களை எடுத்தேன். ஆறு பருவத்துக்கு அவர்களுக்கு ஆயிரத்து நூற்று நாலு நாள், முப்பத்தாறு புள்ளி இரண்டு ஆறு. அவர்களில் ஒருவர் ஒரு வருடம் மே முதல் தேதிக்குப் பதிலாக எட்டாம் தேதி ஏறியிருந்தார். விதிப்படி அவருக்கு முப்பத்தைந்து மாதம், இருபத்து நான்கு நாள். தகுதியில்லை. என் அட்டைப்படி ஆயிரத்துத் தொண்ணூற்றேழு நாள், முப்பத்தாறு புள்ளி பூஜ்யம் மூன்று. தகுதி உண்டு. பலகையில் சரியான பக்கத்தில் அவர் பெயரை நானே எழுதியிருந்தேன்.

அறுபத்து மூன்று மனுவையும் மாலைக்குள் மறுபடி போட்டேன். ஐந்து பேர் தவறாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஐந்து பேரும் நவம்பர்க்காரர்கள். இரண்டு பேர் தவறாக உள்ளே நுழைந்திருந்தார்கள். தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பட்டியலைத் திருத்தி ஒட்ட ஒரு நாள் போதும்.

சனிக்கிழமை காலை, காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலைமைக் குமாஸ்தாவின் மேஜைக்குப் போனேன். வழியில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாய்யா, உன்னைத்தான் கூப்பிட நினைச்சேன். அதிகாரி உன் அட்டையைப் பார்த்தாராம். வடக்கே இன்னொரு துறைமுகத்து ஆபீசுக்கு இதே மாதிரி பத்து அட்டை அடிச்சு அனுப்பச் சொல்லிட்டார். உன்னை வேலையில நிரந்தரமாக்கற காகிதமும் அவர் மேஜைக்குப் போயிருக்கு. பேசாம இரு, கையெழுத்தாயிடும்."

பேசாமல் இரு என்று அவர் சொன்னது வெறும் பேச்சுவழக்கு. நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

"என்ன, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லே சார். மை தீர்ந்துபோச்சு."

"அதுக்கா இப்படி முகத்தை வெச்சிருக்கே? பெட்டியைத் திறந்து எடுத்துக்கோய்யா."

மைக்கூட்டை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். என்னிடம் ஏற்கெனவே முக்கால் புட்டி மை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டில் இருந்த என் அறையில் இருக்க முடியவில்லை. ராயபுரத்துக்கு நடந்தேன். மனுவில் முகவரி இருந்தது. பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். தேவாலயத்துக்குப் பின்னால், வலை காயப்போட்ட சந்தில் அவர் வீடு. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். போகும்போது அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது நம்புகிறேன்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டார். "ஏ, ஆபீஸ் சார் வந்துகீறாரு, நாற்காலிய இஸ்து போடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நாற்காலி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கலர் சோடாவும் வந்தது. அவர் மனைவி கதவோரம் நின்றார்.

"சார் எதுக்கு இவ்ளோ தூரம்?" என்றார் அவர்.

"சும்மாதான். அந்த லாஞ்சு வேலை... ஓனர் ஒரு வருஷம் காத்திருப்பாரா?"

மனைவிதான் பதில் சொன்னார். "அவரு எங்க காத்துகினு இருப்பாரு? நேத்தே ஆள் பாத்துட்டாரு. மண்வாரிக் கப்பல்ல கீறவராம். அவரு பேரு பலவைல நல்ல பக்கம் கீதாம். பாஸு பண்ணதும் அவருக்குத்தான்."

மண்வாரிக் கப்பலில் யார் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர், நான் வெள்ளிக்கிழமை மாலை காகிதத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்த பெயர். எட்டாம் தேதி ஏறியவர்.

கலர் சோடாவைத் தரையில் வைத்தேன். வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் மேல் நம்பிக்கையோடு இரண்டு பேர். நான் அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை பட்டியல் மாறியிருக்கும். லாஞ்சு இவருடையதாகியிருக்கும். எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும், அல்லது வேலை போயிருக்கும். இருபத்து நாலு வயதுப் பட்டதாரிக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். நாற்பது வயதுத் தண்டலுக்கு வேறு லாஞ்சு கிடைக்காது. இவ்வளவு சுலபமான கணக்கு அது.

நான் சொன்னது இதுதான்: "வர்ற பருவத்துல ஏப்ரலோட இறங்கிடாதே. மே மாசமும் சேர்த்து இரு. அப்ப எந்தக் கணக்குலயும் குறையாது."

"பாத்தியா?" என்றார் அவர் மனைவியிடம். "இத்த சொல்றதுக்கோசரம் வெயில்ல நடந்து வந்துகீறாரு. வேற எந்த ஆபீசுல வருவாங்க?"

சந்து முனை வரை கூடவே வந்து வழியனுப்பினார்.

தேர்வு நடந்தது. மண்வாரிக்காரர் தேறினார். ஆகஸ்டில் லாஞ்சு இறங்கியது. செப்டம்பரில் என் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு, அக்டோபரில், அட்டைக்கு ஒரு திருத்தம் எழுதிக்கொடுத்தேன். முப்பது புள்ளி நாலு நாலு உத்தேசக் கணக்குக்கு மட்டும், எல்லைக்கு ஒரு மாதம் முன்பின்னாக வருகிற மனுக்களை விதிப் புத்தகத்தின்படி மாதம் மாதமாக எண்ண வேண்டும், பருவ வேலைக்காரர்களின் சீட்டுகளைக் கட்டாயம் எண்ண வேண்டும். இதை மேம்பாடு என்ற பெயரில் எழுதினேன், பிழைத் திருத்தம் என்று அல்ல. தலைமைக் குமாஸ்தா மறுபடியும் பல்குச்சியைக் காதிலிருந்து எடுத்தார். வடக்குத் துறைமுகத்துக்கும் அது போயிற்று. அங்கே அதற்கு முன் எத்தனை நவம்பர்க்காரர்கள் நின்றார்களோ, அந்த எண்ணிக்கை மட்டும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் அவர் ஏழு சீட்டோடு வந்தார். ஏழாவது சீட்டு நவம்பர் ஒன்று முதல் மே முப்பத்தொன்று வரை. நாற்பத்து மூன்று மாதம். முதல் தடவையிலேயே தேறினார். சான்றிதழை நான்தான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் புது லாஞ்சு எதுவும் வரவில்லை. இருந்த லாஞ்சுகளில் இருந்த சாரங்குகள் இருந்தார்கள். கட்டுமரத்தைத் தம்பியிடம் அவர் அப்போதே கொடுத்துவிட்டிருந்தார். கடைசியில் அதே லாஞ்சில், அந்த மண்வாரிக்காரருக்குக் கீழே, தண்டலாக ஏறினார்.

அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் அந்த லாஞ்சில் போகாமல் இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரு நாள், வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குக் காகிதங்களோடு அதிகாரியுடன் போக வேண்டியிருந்தது. அன்று கிடைத்தது அந்த லாஞ்சுதான். அதிகாரி கப்பலிலேயே தங்கிவிட்டார். திரும்பும்போது நான் மட்டும். சாரங்கு முன்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பின்பக்கம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லா கீறீங்களா சார்?"

"இருக்கேன். நீங்க?"

நீங்க என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "கீறேன். சர்ட்டிபிகேட்டு சட்டம் போட்டு வூட்டுல மாட்டிகிது. எம் பொண்ணு தெனம் தொட்சிக்கினே கீறா, எழுத்தே அழிஞ்சிடும் போல." சிரித்தார். பிறகு முன்னால் ஒரு முறை பார்த்துவிட்டு, எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. தப்பா நெனச்சிக்காதே. அன்னிக்கி ஏழு நாள் கொறயுதுன்னியே. எந்த மாசத்துல சார் கொறஞ்சது?"

அலை ஒன்று லாஞ்சைத் தூக்கி வைத்தது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிப்ரவரி" என்றேன்.

அது உண்மை. அந்த உண்மையைச் சொன்னதைப் போல ஒரு பொய்யை நான் சொன்னதில்லை.

அவர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார். சுற்றியதைக் காலடியில் வைத்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நெனச்சேன் சார். அம்பதாம் வருசம் பிப்ரவரில ஜொரம் வந்து பட்த்துகினேன். ஏழு நாளு. சரியா ஏழு நாளு. சீட்டுல எழுதாதே நைனான்னு சாரங்கு கால்ல வுழுந்து கேட்டேன். பாவம், அந்தாளும் எழுதல. ஆருக்குந் தெரியாதுன்னு நெனச்சிகினு கெடந்தேன். கட்டில்ல கெடந்தத கடல்ல இருந்ததா சொன்னா நெலைக்குமா? உங்க புள்ளி கண்டுபுட்ச்சிடிச்சி பாரு."

"அப்படி இல்லே..." என்று தொடங்கினேன்.

"வுடு சார். உங்க மேல எனக்கு அன்னிக்கி கோவம் இருந்திச்சி. வூட்ல அது ரொம்ப திட்டிச்சி. பாவம், அதுங்கிட்ட இன்னிக்கி சொல்லிடணும், தப்பு எம்மேலதான்னு."

முன்னால் சாரங்கு மணியைத் தட்டினார். எஞ்சின் தணிந்தது. கரை வருகிறது. படிக்கட்டுக்கு ஐம்பது அறுபது கஜம் இருக்கும். சொல்வதற்கு இரண்டு நிமிடம் இருந்தது. இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும். உங்களுக்கு ஜுரம் வந்தது எந்தச் சீட்டிலும் இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது, உங்கள் விரல் கணக்குத்தான் சரி, என் கணக்குத்தான் தப்பு. எண்ணிப் பார்த்தால் பதினாறே வார்த்தை.

லாஞ்சு படியில் இடித்து நின்றது. அவர் முதலில் குதித்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, திரும்பி எனக்குக் கை நீட்டினார்.

"பாசி கீது சார், வழுக்கும். பாத்து எறங்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.